வயசான பூனைக்கு ட்ரே மாத்தின கதை: வாசல் எந்தப் பக்கம்ங்கறதுதான் விஷயமே

எங்க தானுவுக்கு 13 வயசு தாண்டிருச்சு. தெருவுல எடுத்த பூனைக்கு வயசு எப்படி இவ்ளோ கரெக்டா தெரியும்னா, 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சு ஓஞ்ச மறுநாள் கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு வாசல்ல சாஞ்சு கெடந்த வேப்பமரத்துக்கு அடியில இருந்து எடுத்த குட்டி அது, கண்ணு தொறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். எங்க வீட்டுக்காரர் தானேன்னே பேரு வச்சாரு, கூப்புட்டு கூப்புட்டு தானு ஆயிருச்சு.

இவ்ளோ வருஷத்துல ஒரு தடவ கூட வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாத பூனைங்க. பகல்ல கொல்லப்பக்கம் மண்ணுல போவா, ராத்திரி கதவ சாத்திட்டா பின்னாடி பாத்ரூம்ல மணல் போட்ட ஒரு ட்ரே இருக்கும், அதுல போவா. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்து கொல்ல பூரா தண்ணி நின்னுச்சு பாருங்க, அதுல இருந்து பகல்லயும் ட்ரேதான். பொங்கல் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சு. காலைல எழுந்து பாத்தா ட்ரேக்கு முன்னாடி தரையில ஒரு குளம். உள்ள மணல் காஞ்சு போய் இருக்கும். சில நாள் மணலும் நனைஞ்சிருக்கும், வெளியவும் நனைஞ்சிருக்கும்.

அப்ப எனக்கு புரியல, இப்ப யோசிச்சா பளிச்சுனு தெரியுது. கொல்லயில மண்ணுக்கு விளிம்பு கிடையாது. நடந்து போய் நின்ன எடத்துல போயிடலாம். ட்ரேக்கு நாலு பக்கமும் செவரு. மூட்டு வலி அவளுக்கு எப்பவோ வந்திருக்கு, கொல்ல இருந்த வரைக்கும் அது எங்க கண்ணுக்கு தெரியல, புயல் வந்து கொல்லய அடைச்ச உடனே வெளிய வந்துருச்சு, அவ்ளோதான்.

நான் பண்ணின முதல் தப்ப சொல்லிடறேன். திமிருன்னு நெனச்சேன். திட்டினேன், அந்த எடத்துல ஃபினாயில் ஊத்தி கழுவினேன். ஃபினாயில் பூனைக்கு விஷம்ங்க, கருப்பு வெள்ள ரெண்டுமே வேணாம், டெட்டால் மாதிரி ஐட்டமும் வேணாம். பூனை கல்லீரலால அத ஒழுங்கா ஒடைக்க முடியாது, அது பாட்டுக்கு ஈரத்துல மிதிக்கும், அப்புறம் கால நக்கும். அதும் இல்லாம அந்த வாசன பிடிக்காம ட்ரே பக்கமே வராம ஹால் வரைக்கும் வந்து போக ஆரம்பிச்சா. மூத்திர வாசன நமக்கு போயிருந்தாலும் அதுக்கு போயிருக்காது, என்சைம் கிளீனர்னு பெட் ஷாப்ல கிடைக்கும், அத ஊத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டு தொடச்சா தான் போகும்.

அப்புறம் பாண்டிக்கு ஒரு டாக்டர்ட்ட கொண்டு போனோம். அவரு முதல்ல மூத்திரம் டெஸ்ட், ரத்தம் டெஸ்ட் ரெண்டும் எடுத்தாரு. இன்ஃபெக்ஷனா, கல்லா, கிட்னியா, சுகரான்னு பாக்காம ட்ரேய மாத்தறதுல அர்த்தம் இல்லம்மான்னாரு. சரிதான், கிட்னி வீக்கா இருந்தாலும் சுகர் இருந்தாலும் நிறைய மூத்திரம் போகும், ட்ரே சீக்கிரம் நனையும், நனைஞ்ச ட்ரேல பூனை கால் வைக்காது. இங்க ஒண்ணு சொல்லிடறேன், உங்களுது ஆண் பூனையா இருந்து, திரும்ப திரும்ப போய் உக்காந்து முக்குது ஆனா சொட்டு கூட வரலன்னா, இந்த பதிவ மூடிட்டு அன்னைக்கே டாக்டர்ட்ட ஓடுங்க. குழாய் அடைச்சிருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிர் போயிரும்.

தானுவுக்கு அதெல்லாம் இல்ல. இடுப்பு எக்ஸ்ரேல ரெண்டு பக்க மூட்டும் தேஞ்சிருந்துச்சு, முதுகுத்தண்டு அடிப்பக்கமும் சேர்த்து. "நொண்டவே இல்லயே டாக்டர்"னு கேட்டேன். பூனை நொண்டாதும்மா, ரெண்டு பக்கமும் வலிச்சா எந்த கால தூக்கி நொண்டும்னு கேட்டாரு. பிரிட்ஜ் மேல ஏறுதான்னாரு. ஏறி ஒரு வருஷம் இருக்கும். முதுக நக்குதான்னாரு. முதுகு முடி சிக்கு புடிச்சு கெடக்குறத காட்டுனேன். நகம் வளந்து சதைக்குள்ள போற மாதிரி வளைஞ்சிருந்துச்சு, நடந்து திரிஞ்சு கீறினா தானே தேயும். இதெல்லாம் பாத்துட்டு நாங்க வயசாச்சு, அடங்கிட்டான்னு சந்தோஷமா இருந்திருக்கோம்.

அவரு கேட்ட ஒரு கேள்விக்கு தான் என்கிட்ட பதில் இல்ல. "ட்ரேக்கு முன்னாடியே போகுதா, ட்ரேக்குள்ள நின்னுட்டு வெளிய அடிக்குதா, இல்ல வேற ரூம்ல போகுதா? மூணும் வேற வேற, மூணுக்கும் வேற வேற வழி"ன்னாரு. நான் குளத்த பாத்தேனே தவிர அது எப்படி வந்துச்சுன்னு பாக்கவே இல்ல.

அன்னைக்கே மெடிக்கல்ல பெரியவங்களுக்கு கட்டில்ல விரிக்கிற அண்டர்பேட் ஒரு பாக்கெட் வாங்கி ட்ரேய சுத்தி நாலு பக்கமும் விரிச்சு, பழைய போன ஒரு வாளி மேல சாச்சு வச்சு வீடியோ போட்டு விட்டேன். மூணு ராத்திரி. எங்க அம்மா "பூனை ஒண்ணுக்கு போறதயெல்லாம் படம் புடிக்கிறாளே"ன்னு தலையில அடிச்சிக்கிட்டாங்க. ஆனா அந்த மூணு வீடியோல தான் விஷயமே கெடச்சுது. பிரச்சன ஒண்ணு இல்ல, ரெண்டு.

முதல் ராத்திரி அவ வந்து நின்னா, முன்னங்கால் ரெண்டயும் ட்ரேக்குள்ள வச்சா, அப்படியே நின்னா. பின்னங்கால தூக்கி உள்ள போட முடியல. பழைய ட்ரே விளிம்பு 15 செ.மீ. ஒரு மாதிரி யோசிச்சு, முன்னாடி பாதி உள்ள பின்னாடி பாதி வெளிய, அப்படியே போயிட்டா. அவ கணக்குல ட்ரேல தான் போயிருக்கா, பாவம். இது போதாதுன்னு பாத்ரூம் வாசல்லயும் ஒரு படி இருக்கு, தண்ணி வெளிய வராம இருக்க கட்டுவாங்களே, அது ஒரு 10 செ.மீ. அதயும் தாண்டி தான் வரணும்.

ரெண்டாவது ராத்திரி எப்படியோ உள்ள ஏறிட்டா. ஆனா குந்தல. லேசா பின்பக்கத்த இறக்கினா, போக ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல வலி தாங்காம பின்பக்கம் மேல வந்துருச்சு, கடைசியில நின்னுட்டே போறா, அது பின்னாடி பீச்சி விளிம்புக்கு மேல பறந்து வெளிய விழுது.

இத அம்மாகிட்ட காட்டுனேன். அவங்களுக்கு முட்டி வலி பத்து வருஷமா. பாத்துட்டு "ஏண்டி, எனக்கு குந்த முடியலன்னு தானே அந்த வெஸ்டர்ன் போட்டீங்க, அதுக்கும் அதே தான்"னாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் தானுவ திட்டல.

இப்ப சிக்கல பாருங்க. உள்ள ஏற முடியாததுக்கு விளிம்பு தாழ்வா வேணும். நின்னுட்டு போறதுக்கு விளிம்பு ஒசரமா வேணும். ஒரே ட்ரேல ரெண்டும் வேணும். இதுல நான் மூணு தடவ காச விட்டேன், அதத்தான் எழுத உக்காந்தேன்.

முதல்ல ஆன்லைன்ல ஒசர விளிம்பு ட்ரே ஒண்ணு வாங்குனேன். கீழ ஒரு தொட்டி, அது மேல தனியா ஒரு ஃப்ரேம் கிளிப் போட்டு மாட்டுற மாதிரி, மொத்தம் 25 செ.மீ ஒசரம், முன்னாடி கொஞ்சம் இறக்கம். பாக்க அம்சமா இருந்துச்சு. வச்ச அன்னைக்கே திரும்பவும் தரை ஈரம். முன்னாடி இல்ல, இந்த தடவ பின்னாடி, ட்ரேக்கு அடியில. மறுபடி வீடியோ. அவ ஒழுங்கா உள்ள நின்னு தான் போறா, செவத்துல தான் படுது. அப்ப எப்படி வெளிய வருது? ட்ரேய பாத்ரூம்ல காலி பண்ணி, உள்பக்க செவத்துல ஒரு டம்ளர் தண்ணிய ஊத்தி பாத்தேன். செவத்துல வழிஞ்சு எறங்கி, ஃப்ரேமும் தொட்டியும் சேர்ற எடத்துல அந்த இடுக்குல பூந்து வெளிப்பக்கமா சொட்டுது. அந்த ஃப்ரேம் தொட்டிக்கு உள்ள எறங்கல, தொட்டி விளிம்ப வெளிய இருந்து கவ்வி உக்காந்திருக்கு. உள்ள எறங்கி உக்காந்தா தண்ணி தொட்டிக்குள்ள விழும், வெளிய கவ்வினா தண்ணி வெளிய தான் வரும். மூடி போட்ட ட்ரே நிறையவும் இப்படித்தான் இருக்கு. ரெண்டு பீசா வர்ற ட்ரே எது வாங்கினாலும் மணல் போடறதுக்கு முன்னாடி இந்த ஒரு டம்ளர் தண்ணி டெஸ்ட் பண்ணிருங்க, மணல் போட்டுட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. எனக்கு எடுக்கல.

சிலிகான் பேஸ்ட் வச்சு அந்த இடுக்க அடைக்கலாம்னு பிளம்பர் அண்ணன் சொன்னாரு. அடைக்கலாம், ஆனா அப்புறம் கழட்டி கழுவ முடியாது, இடுக்குல வாசன ஏறிக்கும். வேணாம்னு விட்டேன்.

ரெண்டாவது, ஏறுற பிரச்சனையாவது தீரட்டும்னு 5 செ.மீ ஒசரத்துல ஒரு பெரிய தட்டு மாதிரி பிளாஸ்டிக் ட்ரே, செடி தொட்டிக்கு அடியில வைப்பாங்களே அது. தானு ஜாலியா நடந்து உள்ள போனா. ஒரு தயக்கமும் இல்ல. நின்னுட்டே போனா, பூரா பாத்ரூம் செவத்துல. அண்டர்பேட ட்ரேக்கு அடியில விரிச்சு செவத்துலயும் ஒட்டி வச்சு ரெண்டு வாரம் ஓட்டுனேன். குந்தி போக முடியற, ஆனா ஏற மட்டும் முடியாத பூனைக்கு இது போதும், நெஜமாவே போதும், இதுக்கு மேல எதுவும் வாங்காதீங்க. எங்களுக்கு போதல.

மூணாவது தான் துணி வைக்கிற ஸ்டோரேஜ் பாக்ஸ். ஒரே பீசு, இடுக்கே கிடையாது, செவரு ஒசரம். ஒரு பக்கம் வெட்டி வாசல் வச்சா ஆச்சு. பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். அளவு பாக்கறதுல ஒரு விஷயம் இருக்கு, இந்த டப்பாவெல்லாம் வாய் அகலமா அடி குறுகலா இருக்கும், அதனால உள்ள கைய விட்டு அடிய அளக்கணும், வாய் அளவு லிட்டர் கணக்கு எதுவும் உதவாது. பூனையோட மூக்குல இருந்து வாலு ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் அளந்து அதுல ஒன்றரை மடங்கு நீளம் வேணும்பாங்க. தானு 44 செ.மீ, அப்ப 66 வேணும், எனக்கு கிடச்சது அடி 62க்கு 40, ஒசரம் 34. சமாளிச்சிடலாம்னு வாங்குனேன். இன்னொண்ணு, அதுக்கு அடியில சக்கரம் இருந்துச்சு, நாலயும் புடுங்கிட்டேன். பூனை கால் வைக்கும்போது டப்பா ஒரு இஞ்ச் நகந்தா கூட அடுத்த நாள்ல இருந்து அதுல ஏறாது.

இப்ப தான் பெரிய தப்பு. வாசல எந்தப் பக்கம் வெட்டறது? நான் பாத்த படத்துல எல்லாம் குறுகின பக்கத்துல தான் வெட்டியிருந்தாங்க. நானும் அப்படியே வெட்டினேன். நேரா உள்ள போவா, திரும்புவா, மூஞ்சி வாசல பாக்கும், பின்பக்கம் ஒசர செவத்த பாக்கும், அப்படின்னு கணக்கு. வச்சு பாத்தா, உள்ள போறா, நிக்கிறா, திரும்பல. அப்படியே போறா. பின்பக்கம் வாசல பாத்து இருக்கு. அவ்ளோ ஒசர செவரு மூணு பக்கமும் சும்மா நிக்க, நேரா வாசல் வழியா வெளிய அடிக்கிறா.

யோசிச்சா நியாயம் தான். இடுப்பும் முதுகும் வலிக்கிற ஜீவன் மணல்ல நின்னு முழுசா ஒரு சுத்து ஏன் சுத்தணும். சின்ன வயசு பூனை மணல தோண்டி மோந்து நாலு சுத்து சுத்தி எடம் பாக்கும், வலி இருக்குறது போனோமா வந்தோமான்னு இருக்கும். கடையில விக்கிற முன்பக்கம் இறக்கம் வச்ச ட்ரேல நிறைய பேருக்கு இன்னும் வெளியவே வருதுன்னா காரணம் இதா இருக்கலாம், வீடியோ எடுத்து பின்பக்கம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருங்க.

அதனால அடுத்த டப்பாவுல வாசல நீள பக்கத்துல, அதுவும் நடுவுல இல்ல, ஒரு மூலய ஒட்டி வெட்டினேன். அகலம் 40 தான், தானு 44. உள்ள நுழைஞ்சா எதிர் செவரு வந்துரும், நேரா நிக்க எடம் இல்ல, நீளவாக்குல பாதி திருப்பம் திரும்பினா தான் உடம்பு முழுசா உள்ள வரும். முழு சுத்து திரும்ப முடியாதவ கூட இந்த பாதி திருப்பம் திரும்பிடறா, ஏன்னா அந்த பக்கம் தான் எடம் காலியா இருக்கு. திரும்பி நின்னா பின்பக்கம் குறுகின செவத்த பாத்து இருக்கு, அது 34 செ.மீ ஒசரம். அது மேல இதுவரைக்கும் ஒரு சொட்டு போகல, செவத்துல 20 செ.மீ வரைக்கும் தான் ஈரம் தெரியும். டப்பா கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக்கா இருந்தா இத வெளிய இருந்தே பாக்கலாம், எங்க தொடைக்கணும்னும் தெரியும்.

வெட்டின விதத்த சொல்றேன், முதல் டப்பாவ வெட்டும்போது விரிசல் விட்டு அடி வரைக்கும் ஓடிருச்சு, அந்த அனுபவத்துல. வாசல் அகலம் 22 செ.மீ. கீழ் விளிம்பு வெளித் தரையில இருந்து 6 செ.மீ, டப்பாவுக்குள்ள இருந்து அளக்காதீங்க, அடியில கால் மாதிரி ஒரு செ.மீ மேடு இருக்கும், அதயும் பூனை தான் ஏறணும். மார்க்கரால கோடு போட்டு, கீழ் ரெண்டு மூலயிலயும் முதல்ல ட்ரில்ல ஒரு ஓட்ட போட்டுக்கணும், விரல் நுழையாத அளவு போதும். விரிசல் கூரான மூலயில இருந்து தான் கெளம்பும், ஓட்ட இருந்தா அங்கயே நின்னுரும். அப்புறம் மேல இருந்து ரெண்டு கோட்டயும் ஆக்சா பிளேடால மெதுவா அறுத்து, கீழ் கோட்ட கட்டர வச்சு பத்து தடவ இழுத்து இழுத்து வெட்டி எடுத்தோம். ஒரே அழுத்துல வெட்டப் போனா தான் ஒடையும். சோல்டரிங் அயர்ன வச்சு உருக்கியும் வெட்டலாம், சீக்கிரம் ஆகும், பொகை நாத்தம் தாங்காது, மொட்ட மாடியில வச்சு தான் பண்ணனும். வெட்டின விளிம்ப உப்புத்தாள் போட்டு தேச்சு, கொத்தனாரு வச்சிருப்பாங்களே லெவல் டியூப், அதுல ஒரு துண்ட நீளவாக்குல கீறி விளிம்பு மேல மாட்டி விட்டாரு பிளம்பர் அண்ணன். "வயித்த உரசினு தானம்மா போவும், கீறிட போவுது"ன்னாரு. எனக்கு தோணவே இல்ல. வலி உள்ள பூனை கால ஒசரமா தூக்காது, அந்த விளிம்பு மேல வயித்த தேச்சுட்டு தான் போகும்.

மேல் விளிம்ப அறுத்துட்டதால அந்த பக்க செவரு கொஞ்சம் லூசா ஆடும். வெளிப்பக்கம் ஒரு செங்கல்ல துணி சுத்தி அண்டக் குடுத்தோம், நின்னுருச்சு.

மணல் விஷயம். முன்னாடி தேவனாம்பட்டினம் பீச் பக்கம் போறப்ப கொண்டு வர்ற மணலும் ஆத்து மணலும் தான் போட்டுட்டு இருந்தோம், அரை சாண் ஆழத்துக்கு. ஆழமான மணல்ல கால் புதையும், புதைஞ்சா இடுப்பு ஆடும். கடற்கரையில நாம நடந்தா கெண்டக்கால் வலிக்குமே அது மாதிரி தான். இப்ப கட்டி புடிக்கிற பென்டோனைட் பூனை மணல் 3 செ.மீ தான் போடறேன். கட்டி புடிக்கிற மணல்ல இத விட கம்மியா போட்டா மூத்திரம் அடியில போய் ஒட்டிக்கும், சுரண்டி எடுக்கறது பெரிய வேல. மரத்தூள் குச்சி குச்சியா வர்றது இருக்கு, வெல கம்மின்னு ஒரு மூட்ட வாங்கிட்டேன், உருண்டு உருண்டு காலுக்கு அடியில நிக்கல அவளுக்கு. குச்சிய தெருவுல ஆடு வளக்கறவங்களுக்கு கீழ பரப்ப குடுத்தாச்சு.

வைக்கிற எடத்தயும் மாத்தினோம். பாத்ரூம் படியே வேணாம்னு ஹாலுக்கும் சமையகட்டுக்கும் நடுவுல நடை இருக்கு, அங்க செவரு ஓரமா. வீட்டுக்காரர் கொஞ்சம் மொணங்கினாரு, யாராவது வந்தா என்ன நெனப்பாங்கன்னு. குளம் இருந்தா என்ன நெனப்பாங்கன்னு கேட்டேன். டைல்ஸ் வழுக்கும்ங்கறதால வாசலுக்கு முன்னாடி பழைய யோகா மேட்ட ரெண்டடி நீளத்துக்கு வெட்டி போட்டேன். கயிறு மிதியடி போட்டு பாத்தேன், குத்துது போல, அத சுத்திக்கிட்டு வந்தா. ராத்திரிக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.

புதுசு வச்ச உடனே பழச எடுத்துடாதீங்க. ரெண்டயும் பக்கத்து பக்கத்துல வச்சு, பழைய ட்ரேல இருந்து ஒரு கரண்டி நனைஞ்ச மணல புதுசுல போட்டேன். முதல் ரெண்டு நாள் மோந்துட்டு போயிட்டா. மூணாவது நாள் ராத்திரி உள்ள போனா. ஒம்பதாவது நாள் தான் பழச தூக்கினேன், அதுக்கு முன்னாடி நாலு நாளா அத தொடவே இல்லன்னு பாத்துட்டு. வாசல் பக்கம் ஒரு அண்டர்பேட் மட்டும் இன்னும் போட்டு வச்சிருக்கேன், ஏன்னு கீழ சொல்றேன்.

டப்பா மட்டும் எல்லாத்தயும் செய்யல, அதயும் சொல்லிடணும். டாக்டர் ரத்த ரிப்போர்ட்ட பாத்துட்டு எடைக்கு ஏத்த மாதிரி வலி மருந்து குடுத்தாரு, சொட்டு கணக்கு, கிட்னிய அப்பப்ப செக் பண்ணிட்டே தரணும்னு. மருந்து ஆரம்பிச்சு ஒரு வாரத்துல அரைகுறையா குந்த ஆரம்பிச்சா. இங்க கெஞ்சி கேட்டுக்கறேன், நம்ம வீட்டுல இருக்குற காய்ச்சல் மாத்திர பாராசிட்டமால குடுத்துடாதீங்க, ஒரே மாத்திர பூனைய கொல்லும். நம்ம மூட்டு வலி மாத்திரயும் வேணாம். எங்க அம்மா நல்ல மனசோட தன் மாத்திரயில கால்வாசி ஒடைச்சு பால்ல கலக்க போனாங்க, நான் பாத்ததால தப்பிச்சுது.

இன்னும் தீராத ஒண்ணு, மலம். மூத்திரம் எல்லாம் சரியா உள்ள, ஆனா பத்து நாளைக்கு ஒரு தடவயாவது வாசலுக்கு வெளிய ரெண்டு உருண்ட கெடக்கும். மூத்திரத்துக்கு கொஞ்ச நேரம் நின்னா போதும், இதுக்கு ரொம்ப நேரம் குனிஞ்சு முதுக வளைக்கணும், வலியில நடந்துட்டே போவா, நடந்து வெளிய வந்துருவா. அதுக்குத்தான் அந்த அண்டர்பேட். உருண்ட கெட்டியா காஞ்சு போய் இருந்தா வலி இன்னும் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னதால, உலர் தீனிய கொறச்சு மத்தி மீன வேக வச்சு முள் எடுத்து அந்த தண்ணியோட பெசஞ்சு குடுக்கறேன், உப்பு மசாலா எதுவும் இல்லாம. மலம் கொஞ்சம் எளகிருக்கு, வெளிய போறதும் கொறஞ்சிருக்கு, நிக்கல.

இந்த ஐப்பசி மழையில குளிர் வந்தப்ப திரும்ப வாசல்ல நின்னு யோசிக்க ஆரம்பிச்சா. 6 செ.மீயும் ஒசரமா ஆயிருச்சு. டியூப கழட்டி இன்னும் 2 செ.மீ அறுத்து 4 ஆக்கினோம், மணல் கொஞ்சம் வெளிய சிந்துது, மேட்டுல இருந்து காலைல கூட்டி அள்ளிக்கறேன். வெட்டறப்ப முதல்லயே ரொம்ப தாழ்வா வெட்டிடாதீங்க, பின்னாடி இறக்கலாம், ஏத்த முடியாது.

தப்பான பக்கம் வாசல் வெட்டி விரிசல் விட்ட அந்த முதல் டப்பாவ தூக்கி போட மனசு வரல, அம்மாவோட பழைய புடவைய உள்ள விரிச்சு கட்டில் பக்கத்துல வச்சிருந்தோம். இப்ப தானு பகல் பூரா அதுல தான் தூங்கறா. படுத்த பிறகு திரும்பி வாசல பாத்து தான் இருக்கா, அதுக்கு மட்டும் திரும்ப வருது.